பயம் எந்தப் பக்கம் சாய்கிறது?

2020 பிப்ரவரி 24, திங்கட்கிழமை. இத்தாலியின் வடக்குப் பகுதியில் கொரோனா பரவத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வார இறுதியில் உலகெங்கும் சுற்றிவிட்டிருந்தது. அன்று அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 3.35 சதவீதம் இறங்கி 3,225.89-ல் முடிந்தது. மூன்று வர்த்தக நாட்களுக்கு முன்புதான் அது 3,386 என்ற வரலாற்று உச்சத்தைத் தொட்டிருந்தது. சந்தையின் பயமானி என்று அழைக்கப்படும் விக்ஸ், வெள்ளிக்கிழமை 17.08-ல் இருந்தது, திங்கள் மாலை 25.03-க்கு ஏறியது.

25 என்பது விக்ஸின் வரலாற்றில் பெரிய எண் அல்ல. அதன் நீண்டகாலச் சராசரியே 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. அடுத்த 30 நாட்களுக்கான பயம், அடுத்த மூன்று மாதங்களுக்கான பயத்தைவிட விலை கூடிப்போனது. அந்த மாலைக்குப் பிறகு குறியீட்டெண் இன்னும் 30 சதவீதம் விழவிருந்தது.

பயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. அந்தப் பயம் இன்றைக்கா, பின்னாளைக்கா என்று பார்ப்பது இன்னொரு வழி. பங்குகளில் இருக்கலாமா, ஒதுங்கலாமா என்று முடிவெடுக்க இவற்றை வடிகட்டியாகப் பயன்படுத்துபவர்கள் பலர். இரண்டாவது வழியே கூர்மையானது என்பது என் முடிவு. அது எங்கே கூர்மை, எங்கே மழுங்கல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் விக்ஸ் எதை அளக்கிறது என்று பார்ப்போம். யாரிடமும் கருத்துக் கேட்டு எடுக்கும் எண் அல்ல இது. பேராசிரியர் ராபர்ட் வேலி வடிவமைக்க, சிகாகோ ஆப்ஷன் சந்தை 1993-ல் இதை வெளியிடத் தொடங்கியது. அப்போது எஸ் அண்ட் பி 100 குறியீட்டெண்ணின் ஒரு சில ஆப்ஷன்களிலிருந்து கணக்கிட்டார்கள். 2003-ல் முறையை மாற்றினார்கள். இப்போது எஸ் அண்ட் பி 500-ன் மீது எழுதப்பட்ட ஆப்ஷன்களில், இன்றைய விலைக்குக் கீழே உள்ள புட்களும் மேலே உள்ள கால்களும் நீண்ட வரிசையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 23 முதல் 37 நாட்களுக்குள் முடியும் ஆப்ஷன்களின் விலைகளைச் சேர்த்து, சரியாக 30 நாளுக்கு இசைவாக்கினால் கிடைக்கும் எண்ணே விக்ஸ்.

புட் ஆப்ஷன் என்பது சந்தை விழுந்தால் பணம் தரும் காப்பீடு. அதை வாங்கப் போட்டி வந்தால் விலை ஏறும், விக்ஸும் ஏறும். வரும் எண் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்ட ஏற்ற இறக்கம். அதை ஒரு நாளுக்குக் கொண்டுவர 16-ஆல் வகுத்தால் போதும். ஆண்டில் ஏறத்தாழ 252 வர்த்தக நாட்கள் இருக்கின்றன, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 16. விக்ஸ் 16 என்றால், ஒரு சாதாரண நாளில் குறியீட்டெண் ஒரு சதவீதம் வரை மேலோ கீழோ அசையும் என்று ஆப்ஷன் வியாபாரிகள் விலை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 2020 மார்ச் 16 அன்று விக்ஸ் 82.69-ல் முடிந்தது, இன்றுவரை அதுவே முடிவு நிலையின் உச்சம். அப்படியென்றால் நாளொன்றுக்கு 5 சதவீத அசைவு, ஒரு மாதம் முழுக்க! அன்று ஒரே நாளில் குறியீட்டெண் 12 சதவீதம் விழுந்திருந்ததால் அந்த விலை யாருக்கும் அதிகமாகத் தெரியவில்லை.

இந்தக் கணக்கையே 30 நாளுக்குப் பதில் மூன்று மாதத்துக்குப் போட்டால் வருவது VIX3M. 2007-ல் இன்னொரு பெயரில் வெளியாகத் தொடங்கியது. சூத்திரம் அதேதான், எடுத்துக்கொள்ளும் ஆப்ஷன்கள் மட்டும் தொலைவில் முடிபவை. ஒரே சந்தைக்கு இரண்டு கால அளவில் பயத்தின் விலை கிடைக்கிறது. இந்த இரண்டு புள்ளிகளையும், விரும்பினால் ஆறு மாதத்தையும் சேர்த்து இணைத்தால் வருவது ஒரு வளைவு.

பெரும்பாலான நாட்களில் இந்த வளைவு மேல்நோக்கிப் போகும். விக்ஸ் 14, மூன்று மாதம் 17 என்பதுபோல. இன்று எல்லாம் அமைதி, ஆனால் மூன்று மாதத்தில் எது வேண்டுமானாலும் வரலாம் என்பதே அதன் உள்ளர்த்தம். அதோடு நீண்டகாலக் காப்பீட்டை விற்பவர் தன் அபாயத்துக்குக் கூடுதலாகக் கேட்கிறார் என்பதும் கலந்திருக்கிறது. சந்தைக்காரர்கள் இதைக் கான்டாங்கோ என்பார்கள். தலைகீழானால் பேக்வர்டேஷன்.

தலைகீழாவது ஏன்? நாகப்பட்டினத்தில் படகுக்குக் காப்பீடு தருபவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் மூன்று மாதப் பாலிசியின் தினசரி வீதம், ஒரு வாரப் பாலிசியின் வீதத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம். நடுவில் மழைக்காலம் வந்துவிடுமே என்ற யோசனை அவருக்கு. வங்கக்கடலில் புயல் உருவாகி, நாளை மறுநாள் கரை கடக்கும் என்று அறிவிப்பு வந்தால்? ஒரு வாரப் பாலிசியின் விலை எங்கேயோ போய்விடும். மூன்று மாதப் பாலிசியும் ஏறும், ஆனால் அந்த அளவுக்கு ஏறாது. புயலுக்குப் பிந்தைய அமைதியான நாட்களும் அதில் அடங்கியிருக்கின்றன அல்லவா?

இதை எண்ணாகவே பார்த்துவிடலாம். விக்ஸ் 40, மூன்று மாத எண் 35 என்று எடுத்துக்கொள்வோம். ஏற்ற இறக்கத்தைக் கூட்டக் கூடாது, அதன் வர்க்கத்தைத்தான் நாட்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 35-ன் வர்க்கம் 1,225, அதை 90 நாளால் பெருக்கினால் 1,10,250. 40-ன் வர்க்கம் 1,600, 30 நாளால் பெருக்கினால் 48,000. கழித்தால் 62,250. மீதமுள்ள 60 நாளால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 32 சொச்சம். முதல் மாதம் 40-ஆக இருக்கும், பிறகு இரண்டு மாதம் 32-ஆகத் தணியும் என்று சந்தை விலை சொல்கிறது. 14-17 என்ற அமைதியான வளைவுக்கும் இதே கணக்கைப் போட்டால், பின்னிரண்டு மாதங்களுக்கு 18 வருகிறது. பயம் மிகுந்தபோது தணியும் என்றும், குறைந்தபோது ஏறும் என்றும் விலை போடப்படுகிறது. ஏற்ற இறக்கம் தன் சராசரியை நோக்கித் திரும்பும் இயல்புடையது, அந்த இயல்பு வளைவிலேயே பதிந்திருக்கிறது.

இதிலிருந்து வடிகட்டி எளிமையாகப் பிறக்கிறது. விக்ஸை மூன்று மாத எண்ணால் வகுக்க வேண்டும். விகிதம் 1-க்குக் கீழே என்றால் பங்குகளில் இருக்கலாம். 1-ஐத் தாண்டினால் பணமாகவோ குறுகியகால அரசுக் கடன்பத்திரமாகவோ மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் போட்டி, வெறும் அளவை மட்டும் பார்க்கும் வடிகட்டி. விக்ஸ் 25-ஐத் தாண்டினால் வெளியே, இறங்கினால் உள்ளே.

இரண்டையும் 2020-ல் ஓட்டிப் பார்ப்போம். பிப்ரவரி 24 மாலை இரண்டுமே வெளியேறச் சொன்னன. மறுநாள் முடிவு விலையில் விற்றதாகக் கொண்டால் விலை 3,128. மார்ச் 23 அன்று குறியீட்டெண் 2,237-ல் தரை தட்டியது. ஆக விற்றவர் மேற்கொண்டு வந்த 28 சதவீத வீழ்ச்சியைப் பார்க்க மட்டுமே செய்தார். இதுவரை இரு வடிகட்டிகளும் சமம்.

திரும்பி வருவதில்தான் வித்தியாசம். மார்ச் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கியும் அரசும் பணத்தைக் கொட்டத் தொடங்கிய பிறகு, பயம் மெல்ல வடிந்தது. ஏப்ரலில் வளைவு நிமிர்ந்தது. விக்ஸ் அப்போதும் 40-ஐ ஒட்டியே இருந்தது, ஆனால் மூன்று மாத எண் அதற்கு நிகராக வந்துவிட்டது. குறியீட்டெண் அந்த நாட்களில் 2,730-க்கும் 2,940-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. விற்ற விலையைவிட 6 முதல் 13 சதவீதம் குறைவு. விகிதத்தைப் பார்த்தவர் அந்த இடத்தில் மறுபடி வாங்கினார்.

அளவை மட்டும் பார்த்தவர் காத்திருந்தார். மே முழுதும் விக்ஸ் 25-க்கு மேலேயே கிடந்தது. ஜூன் 5 அன்றுதான் 24.52-க்கு இறங்கியது. அன்று குறியீட்டெண் 3,193.93. மறு வர்த்தக நாளான ஜூன் 8-ல் வாங்கினால் விலை 3,232. பிப்ரவரியில் 3,128-க்கு விற்றதை 3 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினார். அதுவும் போகட்டும் என்றால், அவர் வாங்கிய அன்று மாலையே விக்ஸ் 25.81-க்கு ஏறி, மறுபடி விற்கச் சொன்னது.

அளவு வடிகட்டியின் குறை இதில் தெளிவாகத் தெரிகிறது. 25 என்ற கோடு ஒரு காலத்துக்குப் பொருந்தும், இன்னொரு காலத்துக்குப் பொருந்தாது. 2009-ல் இது இன்னும் மோசம். அந்த ஆண்டு மார்ச் 9-ல் குறியீட்டெண் 676.53 என்ற அடிமட்டத்தைத் தொட்டு எழுந்தது. விக்ஸ் 25-க்குக் கீழே முதன்முறையாக இறங்கியது ஜூலை நடுவில். அதற்குள் குறியீட்டெண் 40 சதவீதம் ஏறியிருந்தது. எதிர்த்திசையில், 2017 முழுக்க விக்ஸ் 10-ஐச் சுற்றியே இருந்தது, நவம்பர் 3 அன்று 9.14 வரை இறங்கியது. அந்த ஆண்டில் 25 என்ற கோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். விகிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பயம் பொதுவாகவே மிகுந்த காலத்தில் இரண்டு எண்களும் உயரத்தில் இருக்கும், குறைந்த காலத்தில் இரண்டும் தாழ்வில் இருக்கும். வகுத்துவிட்டால் காலத்தின் உயரம் அடிபட்டுப்போய், புதிதாக வந்த பயம் மட்டும் மிஞ்சுகிறது.

அதற்காக அளவை முற்றிலும் தூக்கி எறிய வேண்டியதில்லை. விக்ஸ் 13-ல் இருக்கும்போது விகிதம் 1-ஐ ஒரு நாள் உரசினால் அது பெரும்பாலும் நாளை வரவிருக்கும் ஒரு அறிவிப்புக்கான நடுக்கம். விக்ஸ் 30-ல் இருக்கும்போது உரசினால் வேறு விஷயம். விகிதம் முடிவெடுக்கட்டும், அளவு அந்த முடிவுக்கு எடை சேர்க்கட்டும் என்பதே நான் ஒப்புக்கொள்ளும் பங்கீடு.

இனி இந்த வடிகட்டி எங்கே தோற்கும் என்று பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 5 ஒரு நல்ல பாடம். ஜப்பானிய யென்னில் கடன் வாங்கி வேறு இடங்களில் போட்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் பின்வாங்க, டோக்கியோ சந்தை சரிந்தது. அமெரிக்கச் சந்தை திறப்பதற்கு முன்பே விக்ஸ் 65-ஐத் தாண்டியது. அன்று மாலை 38.57-ல் முடிந்தது, குறியீட்டெண் 3 சதவீதம் விழுந்து 5,186. வளைவு சந்தேகத்துக்கு இடமின்றித் தலைகீழ். அதை நம்பி மறுநாள் முடிவில் விற்றவருக்குக் கிடைத்த விலை 5,240. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, குறியீட்டெண் 5,434. வளைவு அதற்குள் நிமிர்ந்தும் விட்டது. ஏறத்தாழ 3.7 சதவீதத்தைக் கைவிட்டுவிட்டுத் திரும்ப உள்ளே வர வேண்டியதாயிற்று.

அந்தக் காலை 65-ல் இன்னொரு நுணுக்கம் உண்டு. விக்ஸ், நடந்த வியாபாரங்களின் விலையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. வாங்க வருபவர் சொல்லும் விலைக்கும் விற்க வருபவர் சொல்லும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுக்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த அதிகாலையில், விற்பவர்கள் பயந்து விலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கினால், ஒரு ஆப்ஷன்கூடக் கைமாறாமலேயே நடுப்புள்ளி ஏறிவிடும். இது உண்மையான பீதியா, விலைப்பட்டியலின் விரிசலா என்று கண்டுபிடிக்க விக்ஸ் ஃபியூச்சர்ஸைப் பார்க்க வேண்டும். அங்கே உண்மையான பணம் கைமாறுகிறது. அன்று காலை ஃபியூச்சர்ஸ் ஏறியது விக்ஸ் ஏறிய அளவில் சிறு பங்குதான்.

2025 ஏப்ரல் இதைவிடக் கசப்பான பாடம். அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரிகளால் விக்ஸ் ஏப்ரல் 8 அன்று 52.33-ல் முடிந்தது. வளைவு செங்குத்தாகத் தலைகீழ். மறுநாள் வரிகளில் பெரும்பகுதி தள்ளிவைக்கப்பட, குறியீட்டெண் ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. வடிகட்டியைப் பின்பற்றியவர் அந்த நாளில் வெளியே நின்றார். 2020 மார்ச் 13-ன் 9.3 சதவீத ஏற்றமும், மார்ச் 24-ன் 9.4 சதவீத ஏற்றமும் தலைகீழ் வளைவின் நடுவில்தான் நிகழ்ந்தவை.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்த வடிகட்டியைத் தொடவே கூடாது. தலைகீழ் வளைவு, நாளை சந்தை விழும் என்று சொல்லவில்லை. நாளைய அசைவு பெரிதாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. மேலேயா கீழேயா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே இந்த வடிகட்டி கூடுதல் லாபம் தரும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். குறைந்த குலுக்கலோடு, ஏறத்தாழ அதே பலனை எட்டலாம் என்ற எதிர்பார்ப்பே நியாயமானது. ஆழமான பள்ளங்களைத் தவிர்ப்பதற்கான விலை, உயரமான துள்ளல்களையும் இழப்பது.

மூன்றாவது தோல்வி சத்தமில்லாதது. 2022-ல் குறியீட்டெண் ஜனவரி முதல் அக்டோபர் வரை 25 சதவீதம் விழுந்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் விக்ஸ் ஒரு நாளும் 37-க்கு மேல் முடியவில்லை. பணவீக்கமும் வட்டி உயர்வும் எல்லோரும் எதிர்பார்த்த, மெதுவாக அரைத்த வீழ்ச்சி அது. திடீர் புயல் எதுவும் இல்லாததால் குறுகியகாலக் காப்பீட்டுக்கு அடிபிடி இல்லை. வளைவு அவ்வப்போது தலைகீழாகி, சில நாளில் நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்த நாட்களில் உள்ளே வந்தவர்கள் அடுத்த இறக்கத்தைச் சுமந்தார்கள். மெதுவான கரடிச் சந்தையை இந்த வடிகட்டி பிடிக்காது. அதற்கு 200 நாள் சராசரி போன்ற வேறு கருவிகள் இருக்கின்றன.

பழைய தரவில் இதைச் சோதித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் விழும் குழி ஒன்று உண்டு. விக்ஸின் அன்றைய கடைசி எண், பங்குச்சந்தை மூடிய பிறகும் கால் மணி நேரம் ஆப்ஷன்கள் நடந்து முடியும்போது வருவது. பங்குகள் நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்கு நிற்கின்றன, விக்ஸ் 4.15-க்கு. ஆகவே அன்றைய விகிதத்தைப் பார்த்து அன்றைய முடிவு விலையில் விற்றதாகக் கணக்கு எழுதினால், இன்னும் வராத தகவலைக் கொண்டு விற்றதாக ஆகிவிடும். கடும் வீழ்ச்சி நாட்களில் இந்தப் பிழை பலனை அழகாக்கிக் காட்டும். சரிசெய்வது எளிது:

```
ratio = vix / vix3m
signal = (ratio < 1).shift(1)
strat = signal * (spx / spx.shift(1) - 1).shift(-1)
```

முதல் shift சமிக்ஞையை மறுநாளுக்குத் தள்ளுகிறது. கடைசி shift, மறுநாள் முடிவில் விற்றபின் அதற்கடுத்த நாளின் ஏற்ற இறக்கத்தோடு பெருக்குகிறது. மேலே 2020 கணக்கில் பிப்ரவரி 24-ல் சமிக்ஞை, 25-ல் விற்பனை என்று நான் கொண்டதும் இப்படித்தான். 24-ன் 3.35 சதவீத அடியும், 25-ன் 3 சதவீத அடியும் எப்படியும் நம் தலையில்தான். முதல் அடியிலிருந்து எந்த வடிகட்டியும் காப்பாற்றாது.

இன்னொரு எச்சரிக்கை, எண்ணிக்கையைப் பற்றியது. மூன்று மாத எண் வெளியாகத் தொடங்கிய பிறகு வளைவு ஆழமாகவும் நீடித்தும் தலைகீழான பெரிய நிகழ்வுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2008, 2010, 2011, 2015, 2018, 2020, அதன் பிறகு ஒன்றிரண்டு. ஆயிரக்கணக்கான நாட்களின் தரவு இருப்பதுபோல் தோன்றினாலும், முடிவைத் தீர்மானிப்பவை இந்தச் சில நிகழ்வுகளே. கோட்டை 1-லிருந்து 0.97-க்கு நகர்த்தினேன், பலன் கூடிவிட்டது என்று ஒருவர் சொன்னால், எந்த நிகழ்வை நீக்கினால் அந்தக் கூடுதல் மறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் 2008-ஐயோ 2020-ஐயோ நீக்கினால் போதும்.

கோட்டின் அருகே தினமும் உள்ளே வெளியே ஆடுவதைக் குறைக்க இரண்டு கோடுகள் வைப்பது நடைமுறையில் உதவும். 1-ஐத் தாண்டினால் வெளியே, 0.95-க்குக் கீழே வந்தால்தான் உள்ளே. இதனால் தரகும் வரியும் குறையும், பதிலுக்கு ஏற்றத்தின் முதல் சில நாட்கள் போகும். எனக்கு இன்னும் பிடித்தது, முழுதாக விற்காமல் படிப்படியாகக் குறைப்பது. விகிதம் 1-ல் முக்கால்வாசி, 1.1-ல் பாதி என்பதுபோல. 2025 ஏப்ரல் 9 போன்ற நாளில் பாதியாவது கையில் இருக்கும். ஏற்ற இறக்கம் ஏறும்போது முதலீட்டைச் சுருக்கும் இந்த எண்ணத்தை ஆலன் மொரேராவும் டைலர் மியூரும் 2017-ல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ் இதழில் விரிவாகச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆப்ஷன் விலையை அல்ல, நடந்து முடிந்த ஏற்ற இறக்கத்தை. அடிப்படை எண்ணம் ஒன்றுதான்.

நம் ஊர் வாசகர்கள் அடுத்துக் கேட்பது நிஃப்டியைப் பற்றித்தான். தேசியப் பங்குச்சந்தை, சிகாகோவின் முறையைத் தழுவி, நிஃப்டி ஆப்ஷன்களிலிருந்து இந்தியா விக்ஸைக் கணக்கிடுகிறது. அதன் அளவை மட்டும் பார்க்கலாம், மேலே சொன்ன எல்லாக் குறைகளோடும். வளைவைப் பார்ப்பதில்தான் சிக்கல். நிஃப்டி ஆப்ஷன் வியாபாரம் பெரும்பாலும் அருகில் முடியும் ஒப்பந்தங்களிலேயே குவிந்திருக்கிறது. மூன்று மாதம் தள்ளி முடிபவற்றில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடைவெளி அகலம், 2024 ஆகஸ்ட் 5 காலையில் சிகாகோவில் ஓரிரு மணி நேரம் நிகழ்ந்தது அங்கே அன்றாடம் நிகழக்கூடும். ஆகவே வளைவை நாமே கட்ட நினைப்பவர், மூன்று மாதத்துக்குப் போகாமல், நடப்பு மாத முடிவையும் அடுத்த மாத முடிவையும் எடுத்து, அன்றைய விலைக்கு மிக நெருங்கிய ஸ்ட்ரைக்கின் புட்டும் காலும் காட்டும் ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒப்பிடுவது நல்லது. நடுப்புள்ளியை நம்பாமல், கடைசியாகக் கைமாறிய விலை எத்தனை மணிக்கானது என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பட்ஜெட், தேர்தல் முடிவு போன்ற தேதி தெரிந்த நிகழ்வு முதல் ஒப்பந்தத்துக்குள் விழும் வாரங்களில் அந்த ஒப்பீட்டைத் தள்ளிவைக்க வேண்டும். அப்போது வளைவு சாய்வது அந்த ஒரு நாளுக்கான விலையால். அந்த நாள் கடந்ததும் அது தானே நிமிர்ந்துவிடும்.